ஒரு மூட்டை, ஐந்து மா: உழவருக்கான அறிவுரையை எழுதுவது எப்படி?

சம்பா நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றி ஒரு துண்டறிக்கை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதன் சாரம் இது. நட்ட 14ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வயலில் பத்து இடங்களில், மேலிருந்து மூன்றாவதாக உள்ள முழுதும் விரிந்த இலையின் நிறத்தை இலை வண்ண அட்டையில் உள்ள எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இடங்களில் நிறம் வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து இட வேண்டும். வரம்பு எண் வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4.

படிக்கப்போகிறவர், ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மா என்று சொல்லும் தஞ்சாவூர்ப் பக்கம், சில மா நிலத்தில் நெல் வைப்பவர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். நீண்ட வாக்கியம் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வரும் பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்வார். ஆனால் நாற்பது போகம் நெல் அறுத்தவர். இவருக்காக அந்தப் பரிந்துரையை எப்படி மாற்றி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. வேளாண்மை படித்துவிட்டு இப்போதுதான் களப்பணிக்கு வந்திருப்பவர்களையும், உழவர் குழுக்களுக்குத் துண்டறிக்கை எழுதித் தருபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். நானும் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

எளிமைப்படுத்துவது என்றதும் பெரும்பாலோர் முதலில் செய்வது தகவலைக் குறைப்பது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். மேலே உள்ள பரிந்துரையை ஒரே வரியில் சுருக்கினேன்: “பயிர் மஞ்சளானால் யூரியா போடுங்கள்.” சொற்கள் எளியவை, வரியும் சின்னது. ஆனால் அந்த வரியில் பரிந்துரையே இல்லை. எந்த இலை, எவ்வளவு வெளிறினால், எத்தனை இடத்தில், எவ்வளவு யூரியா, எதுவரை என்ற ஐந்தும் போய்விட்டன. பயிர் மஞ்சளானால் யூரியா வேண்டும் என்பது அந்த உழவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவருக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு, தெரியாததை மறைத்துவிட்டேன். இப்படிப்பட்ட வரியில் பிழையும் இளக்காரமும் சேர்ந்தே இருக்கின்றன. “இவருக்கு இவ்வளவு போதும்” என்ற எண்ணம் எழுதுகிறவரின் மனத்தில் இருந்தால்தான் இப்படியொரு வரி வரும்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒரு பிரிப்பு வேலை செய்ய வேண்டும். பரிந்துரையில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, “இதை எடுத்துவிட்டால் அவர் வயலில் செய்வது மாறுமா?” என்று கேட்க வேண்டும். மூன்றாவது இலை என்பதை எடுத்தால் ஒருவர் குருத்தைப் பார்ப்பார், இன்னொருவர் அடியிலையைப் பார்ப்பார். அட்டையில் படிக்கும் எண்ணே மாறிவிடும். எனவே அது இருக்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்குத் தனி எண் என்பதை எடுத்தால், தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும் அந்த நெல்லுக்கு மற்ற ரகங்களுக்கு இடுவதுபோல இட்டுவிடுவார்கள். அதுவும் இருக்க வேண்டும். இந்த அட்டை, பச்சையத்தை அளக்கும் விலை உயர்ந்த கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்ற விவரத்தை எடுத்தால் வயலில் எதுவும் மாறாது. அது போகலாம். குறைக்க வேண்டியது இந்த வகை விவரத்தைத்தான். நாள், இலை, எண், அளவு, எல்லை இவற்றில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. சொல்லும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

இனி அந்த மாற்றத்துக்கு வருவோம். இதில் அதிக உழைப்பைக் கேட்பது அளவு.

“எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து” என்பதில் மூன்று இடறல்கள் இருக்கின்றன. எக்டர் அவர் நிலத்தின் அளவு அல்ல. தழைச்சத்து என்பது கடையில் வாங்கும் பொருள் அல்ல. அவர் வாங்குவது யூரியா. கிலோவும் அவர் வயலில் கையாளும் அளவு அல்ல. அவர் கையாள்வது மூட்டையும் அன்னக்கூடையும். இந்த மூன்றையும் கடந்து வர வேண்டியது எழுதுகிறவரின் வேலை. “எக்டர் என்றால் இரண்டரை ஏக்கர், யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து” என்று குறிப்பு மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அப்படியென்றால் 30 கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ 65 கிலோ யூரியா வேண்டும். இது எக்டருக்கு. ஒரு எக்டர் 2.47 ஏக்கர் என்பதால், ஏக்கருக்கு 26.4 கிலோ. தஞ்சாவூர் வட்டாரத்தில் நிலத்தை மாவில் சொல்வார்கள். ஒரு மா நூறு குழி; ஒரு குழி 144 சதுர அடி; ஆக ஒரு மா 14,400 சதுர அடி. மூன்று மா சேர்ந்தால் 43,200 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று கொண்டால் வரும் வித்தியாசம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. 26.4 கிலோவை மூன்றால் வகுத்தால் மாவுக்கு 8.8 கிலோ. அதை 9 கிலோ என்று முழுமையாக்கலாம்.

இங்கே ஒரு நல்லது தானாகவே வந்து அமைகிறது. யூரியா மூட்டை முன்பு 50 கிலோவாக இருந்தது. 2018 முதல் 45 கிலோ. 45 கிலோவை 9 கிலோவாகப் பிரித்தால் ஐந்து. அதாவது ஒரு மூட்டை ஐந்து மாவுக்கு. இந்த வரியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். அதன் துல்லியமும் குறையவில்லை: ஏக்கருக்கு 27 கிலோ ஆகிறது, பரிந்துரையைவிட நூற்றுக்கு இரண்டு கூடுதல். கையால் வீசும்போது ஏற்படும் ஏற்றத்தாழ்வு இதைவிட மிக அதிகம்.

முழுமையாக்கும்போது எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறோம் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். “ஏக்கருக்கு அரை மூட்டை” என்று எழுதினால் சொல்ல இன்னும் வசதி, ஆனால் 22.5 கிலோதான் போகும், ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். “ஏக்கருக்கு ஒரு மூட்டை” என்றால் வேண்டியதைப்போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. அந்த மிச்சத் தழைச்சத்தில் பயிர் கரும்பச்சையாகக் கொழித்து நிற்கும்; புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதிகமாவது அப்படிப்பட்ட பயிரில்தான். உரத்தில் நூற்றுக்கு இரண்டு தள்ளலாம். பூச்சிமருந்தில் அந்த உரிமை எழுதுகிறவருக்குக் கிடையாது: லேபிளில் உள்ள அளவை அப்படியே தர வேண்டும், அளவு மூடியோடு காட்ட வேண்டும்.

கிலோவிலிருந்து கைக்கு வரும் கடைசி அடியில் நான் பலமுறை தவறியிருக்கிறேன். மாவுக்கு இத்தனை படி யூரியா என்று எழுதிப்பார்த்தேன். படி ஊருக்கு ஊர் வேறு. ஒரே படியிலும் தலைதட்டி அளப்பவர், குவித்து அளப்பவர் என்று வேறுபாடு உண்டு. இப்போது இப்படி எழுதுகிறேன்: “உரக்கடைத் தராசில் 9 கிலோ யூரியாவை நிறுத்து, உங்கள் அன்னக்கூடையில் கொட்டி, அது நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி அந்தக் கோடுதான் ஒரு மா.” இதனால் அவர் பாத்திரமே அளவுகோலாகிவிடுகிறது.

கணக்கைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளிப்படிப்புக் குறைவு என்றால் கணக்கு வராது என்று நினைப்பது பெரிய தவறு. வட்டிக் கணக்கும், ஆள்கூலியும், அறுவடையில் பங்குப் பிரிப்பும் இவர்கள் வாய்க்கணக்காகவே போடுவார்கள். 0.33 என்று எழுதினால் தடுமாறுகிறவர் ‘மூன்றில் ஒன்று’ என்றால் உடனே பிடித்துக்கொள்வார். மா என்ற சொல்லே பழைய தமிழ்க் கணக்கில் இருபதில் ஒன்று என்ற பின்னம். இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. பின்னங்களால் நிலத்தை அளந்த வழக்கம் அது. அவருக்குப் பழக்கமில்லாதது தசமப்புள்ளியும் விழுக்காடும்தான். அவற்றை எடுத்துவிட்டு, எண்களை விட்டுவையுங்கள். இன்னொன்று, எழுத்தைவிட எண்ணை இவர்கள் வேகமாகப் படிக்கிறார்கள். ரூபாய் நோட்டு, பஸ் எண், தொலைபேசி எண் என்று நாள்தோறும் பழகியது. ஆகவே ‘ஒன்பது’ என்பதைவிட ‘9’ கண்ணில் முதலில் படும்.

சொற்களிலும் இதே கதைதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் உழவர்களிடம் நன்றாகப் புழங்கும் சொற்கள். அவற்றுக்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. எழுதினால் “இது கூடவா எங்களுக்குத் தெரியாது?” என்று தோன்றும். மாறாக, நாம் இயல்பாக எழுதும் ‘ஈரப் பருவம்’ என்பது டெல்டாவில் யாரும் சொல்லாத சொல்; சம்பா, தாளடி என்றுதான் சொல்வார்கள். பரிந்துரையில் வறண்ட பருவத்துக்கு வேறு அளவு, எக்டருக்கு 35 கிலோ, என்று இருக்கிறது. துண்டறிக்கையில் பருவத்தின் பெயரை அவர் சொல்லில் எழுதாவிட்டால், ஒரு போகத்தின் அளவை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வார். பயிரின் வளர்ச்சியைக் குறிக்கவும் அவர்களிடம் நுட்பமான சொற்கள் இருக்கின்றன: தூர் கட்டுவது, தொண்டைக்கதிர், கண்ணாடி இலை, பால் பிடிப்பது. பாடநூலில் நாம் படித்த பருவப் பெயர்களைவிட இவை வயலில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. கேட்டு எழுதிக்கொண்டால் துல்லியம் கூடத்தான் செய்யும்.

அடுத்தது அட்டை. இலை வண்ண அட்டை என்பது வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை வரிசையாகப் பட்டைகள் பதித்த ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஜப்பானில் தோன்றியது, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக நெல் விளையும் நாடுகளுக்குப் பரவியது. நம் தலைப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. எழுத்தே தேவையில்லாமல், ஒரு ஆய்வுக்கூட அளவையை வயலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்; அதே நேரம் எண்ணையும் வரம்பையும் விடவில்லை.

ஆனால் இதைத் துண்டறிக்கையில் விளக்கும்போது இரண்டு விபத்துகள் நேரலாம். ஒன்று, அட்டையின் படத்தை வண்ணத்தில் அச்சிட்டு, “இதை வைத்துப் பாருங்கள்” என்று கொடுத்துவிடுவது. அச்சகத்து மையில் பச்சை மாறும், வெயிலில் வெளுக்கும், தொலைபேசித் திரையில் இன்னொரு பச்சையாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து எடுக்கும் முடிவு எதுவும் நம்பத்தக்கதல்ல. படம் போடுவதானால் கருப்பு வெள்ளைக் கோட்டுப்படமாகப் போட்டு, அட்டையை எங்கே வாங்குவது என்று எழுதுங்கள். இரண்டாவது, “நான்காவது பட்டை” என்று எழுதுவது. சில அட்டைகளில் நான்கு பட்டைகள், சிலவற்றில் ஆறு. நான்கு பட்டை அட்டையில் எண்கள் ஒன்றில் தொடங்காமலும் இருக்கலாம். ஆகவே “4 என்று அச்சிட்டிருக்கும் பட்டை” என்றே எழுத வேண்டும்.

பத்து இடம், ஆறு இடம் என்பதைப் பலர் “சராசரியாக” என்று மாற்றிவிடுகிறார்கள். அது வேறு கணக்கு; பரிந்துரை கேட்பது எண்ணிக்கை. எண்ணிக்கையை வயலில் எப்படி நினைவில் வைப்பது? நடவு வயலில் சேற்றில் நின்றுகொண்டு தாளில் குறிக்க முடியாது. வரப்பில் பத்துச் சிறு கற்களை எடுத்துக்கொண்டு இறங்கி, இலை வெளிறியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கல்லை மடியில் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். கரையேறியதும் மடியில் இருப்பதை எண்ணினால் போதும். இந்த யோசனை எனக்கு ஓர் உழவர் சொன்னது. களத்தில் நெல் அளக்கும்போது ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு கல் வைத்து எண்ணிப் பழகியவர் அவர்.

இனிக் காரணம். காரணத்தைச் சொல்ல இடமில்லை, அவருக்குத் தேவையும் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செய்முறையை மட்டும் சொல்லிக் காரணத்தை விடுவதுதான் இந்த எழுத்தில் மிகப் பெரிய அவமதிப்பு என்று நான் நினைக்கிறேன். காரணம் தெரியாதவருக்கு அறிவுரை ஒரு கட்டளை. காரணம் தெரிந்தவர், நாம் எழுதாத ஒரு நிலைமை வயலில் வந்தாலும் தானே முடிவெடுப்பார். எடுத்துக்காட்டாக, “நீரை வடித்துவிட்டு யூரியா இடுங்கள்” என்று மட்டும் எழுதினால், முறைவைத்து விடும் வாய்க்கால் தண்ணீரை வடிக்க எவருக்கும் மனம் வராது. “தேங்கிய நீரில் விழும் யூரியாவில் ஒரு பகுதி வாயுவாக மாறிக் காற்றில் போய்விடும், சேற்றில் விழுந்தால் மண்ணோடு சேரும்” என்று ஒரு வரி சேர்த்தால், தண்ணீர் வற்றிவரும் நாளுக்காக அவரே ஒரு நாள் காத்திருப்பார்.

காரணம் சொல்ல உவமை தேடுவது இயல்பு. உவமையில் கவனம் வேண்டும். “யூரியா பயிருக்குச் சோறு” என்று எழுதும் வழக்கம் உண்டு. சோறு கூடினால் நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்த உவமை தவறான பக்கம் இழுக்கிறது. “குழம்புக்கு உப்பு மாதிரி” என்றால் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும் என்பது வந்துவிடுகிறது. ஆனாலும் அது முழுவதும் பொருந்தாது: குழம்பில் போட்ட உப்பு அங்கேயே இருக்கும், வயலில் போட்ட தழைச்சத்து காற்றிலும் நீரிலும் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் மொத்தமாகப் போடாமல் வாரந்தோறும் பார்த்துப் போடுகிறோம். உவமை எங்கே முறிகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், உவமை தவறாக வழிகாட்டாது. சொல்ல இடமில்லை என்றால் உவமையை விட்டுவிடலாம்.

தொனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “அறியாமையால் உழவர்கள் அதிக யூரியா இடுகிறார்கள்” என்று தொடங்கும் துண்டறிக்கையை முதல் வரியிலேயே மடித்துவைத்துவிடுவார்கள். அவர்கள் கூடுதலாக இடுவதற்குக் காரணம் உண்டு. யூரியா விலை மற்ற உரங்களைவிடக் குறைவு, போட்ட சில நாளில் பச்சை கண்ணுக்குத் தெரியும், மழை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேறு. அவற்றை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். “மிகவும் எளிது”, “குழந்தைகூடச் செய்யும்” என்ற சொற்களை எழுதாதீர்கள். முதல்முறை அட்டையில் குழம்புகிறவர் அவற்றைப் படித்தால் கூனிக்குறுகிப் போவார். தலைப்பாகையும் சிரித்த முகமுமாக நிற்கும் கேலிச்சித்திர உழவர் படமும் வேண்டாம்.

தொனியைவிட முக்கியம் காது. இந்தத் துண்டறிக்கைகளில் பெரும்பகுதி, ஒருவர் படிக்க இன்னொருவர் கேட்பதாகத்தான் போய்ச் சேர்கிறது. பேத்தி படிப்பாள், டீக்கடையில் யாராவது படிப்பார்கள். அடைப்புக்குறிக்குள் எழுதியதைப் படிக்கிறவர் விட்டுவிடுவார். சாய்கோட்டை எப்படி வாசிப்பதென்று தெரியாது. ‘4.0’ என்று எழுதினால் ‘நாற்பது’ என்றுகூட வாயில் வரும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் மொழி நம்முடையது; பதினெட்டுச் சொல் தாண்டி வினை வந்தால், கேட்கிறவர் தொடக்கத்தை மறந்திருப்பார். ஒரு வாக்கியம், ஒரு செயல். எழுதியதும் வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள்.

அதன் பிறகு உண்மையான சோதனை. முதல் வரைவை எடுத்துக்கொண்டு, மூன்று மா நிலத்தில் தனியாகப் பயிர் வைக்கும் ஓர் அம்மாவிடம் போனேன். “புரிந்ததா?” என்று கேட்கக்கூடாது என்பதை அதற்கு முன்பே கற்றிருந்தேன், அந்தக் கேள்விக்கு யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். “இதை நாளைக்கு உங்கள் வயலில் எப்படிச் செய்வீர்கள் என்று காட்டுங்கள் அம்மா, நான் எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்றேன். சோதிக்கப்படுவது என் எழுத்துத்தான் என்பது இருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். அவர் வயலில் இறங்கி, ஒரு பயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“குருத்தையும் சேர்த்து மூன்றா, குருத்தை விட்டு மூன்றா, தம்பி?”

நான் ‘முழுதும் விரிந்த இலை’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அது போதும் என்று தோன்றியது. சுருண்டு நிற்கும் குருத்தை அவர் இலைக் கணக்கில் சேர்ப்பாரா என்று நான் யோசிக்கவில்லை. அடுத்து அவர் அட்டையை வெயிலில் நீட்டிப் பிடித்தார்; வெயில் பட்டதும் இலையும் அட்டையும் பளபளத்தன, நிறம் பிடிபடவில்லை. தானாகவே திரும்பி நின்று தன் நிழலில் வைத்துப் பார்த்தார். பரிந்துரைகளில் உள்ள ‘நேரடி வெயில் படாமல்’ என்ற குறிப்பை நான் இடமில்லை என்று விட்டிருந்தேன். அவர் செய்ததை அப்படியே எழுதிச் சேர்த்தேன்.

இப்படித் திருத்தித் திருத்தி நின்ற வரைவு இது:

“சம்பா, தாளடி நெல்லுக்கு மேலுரம். இலையைப் பார்த்து யூரியா இடும் முறை.

நட்ட 14ஆம் நாள் தொடங்குங்கள். கதிர் வெளிவரும்வரை வாரம் ஒரு நாள் பாருங்கள். காலை 8 மணிக்கு மேல், 10 மணிக்குள் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. ஒருவர் கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணுக்கும் பச்சை மாறித் தெரியும்.

10 சிறு கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின் குறுக்கே நடந்து 10 இடத்தில் நில்லுங்கள். வரப்போரப் பயிரையும் நோய்பட்ட பயிரையும் விட்டுவிடுங்கள்.

சுருண்ட குருத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விரிந்த இலைகளில் மேலிருந்து மூன்றாவதைப் பிடியுங்கள். கிள்ள வேண்டாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் நிழலில் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வையுங்கள்.

வெள்ளைப் பொன்னி என்றால் 3 என்று அச்சிட்ட பட்டையோடு பாருங்கள். அதற்குத் தழைச்சத்து கூடினால் பயிர் சாய்ந்துவிடும். மற்ற ரகங்களை 4 என்று அச்சிட்ட பட்டையோடு பாருங்கள். இலை அந்தப் பட்டையைவிட வெளிறியிருந்தால் ஒரு கல்லை மடியில் போடுங்கள்.

மடியில் 6 கல் அல்லது அதற்கு மேல் இருந்தால் யூரியா வேண்டும். ஒரு மாவுக்கு 9 கிலோ. ஒரு மூட்டை 5 மாவுக்கு. 5 கல் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த வாரம் யூரியா வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.

தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது இடுங்கள். தேங்கிய நீரில் யூரியாவின் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும்.

இது யூரியா மேலுரத்துக்கு மட்டும். அடியுரமும் மற்றச் சத்துகளும் தனி.”

முன்பு ஒரே பத்தியில் இருந்த பரிந்துரை இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். எளிமையாக்கினால் சுருங்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கணக்கையும் காரணத்தையும் கைப்பழக்கத்தையும் உள்ளே கொண்டுவந்தால் நீளத்தான் செய்யும். ஒரு தாளில் அடங்காவிட்டால் வேறு எதையாவது, அச்சிட்ட முகவுரையையோ வாழ்த்துரையையோ, வெட்டலாம்.

இந்த வரைவோடு அந்த அம்மாவிடம் மறுபடி போனபோது, பத்து இடமும் பார்த்து, ஏழு கல்லோடு கரையேறினார். எனக்கு நிறைவாக இருந்தது. அவருக்கு இல்லை. “மேலே இருக்கிற இளம் இலைதான் முதலில் மஞ்சளாகிறது. அடியிலை பச்சையாக இருக்கிறது. யூரியாக் குறை என்றால் அடியிலையல்லவா முதலில் வெளுக்கும்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. தழைச்சத்துப் பற்றாக்குறையில் பயிர் முதிர்ந்த இலையிலிருந்து சத்தை இழுத்து இளம் இலைக்கு அனுப்பும். அதனால் அடியிலை முதலில் வெளிறும். கந்தகம் பயிருக்குள் அப்படி எளிதில் நகராது, ஆகவே அது குறைந்தால் இளம் இலை முதலில் மஞ்சளாகும். துத்தநாகம் குறைந்தால் நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இலையில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் வரும், பயிர் குட்டையாக நிற்கும். அட்டைக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது பச்சையை மட்டும் பார்க்கிறது. யூரியா போடு என்றே சொல்லும்.

துண்டறிக்கையின் கடைசிப் பத்திக்கு மேலே இன்னும் நான்கு வரி சேர்த்தோம்: “இளம் இலை மஞ்சளாகி அடியிலை பச்சையாக இருந்தால் அட்டையைப் பார்க்க வேண்டாம். இலையில் துருப்புள்ளி இருந்தாலும் வேண்டாம். அது யூரியாக் குறை அல்ல. பயிரை வேரோடு பிடுங்கி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.” ‘அட்டையைப் பார்க்க வேண்டாம்’ என்ற சொற்கள் அவர் சொன்னவை. நான் ‘இம்முறை பொருந்தாது’ என்று எழுதியிருந்தேன்.